பிரெஞ்சுத் தோழிக்குப் பொங்கல் வாழ்த்து: ஐம்பது சொல்லுக்குள் எழுதி அனுப்பும் முறை

கொழும்பிலிருந்து பிரான்ஸுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு, போன முதல் ஜனவரியிலேயே இந்தத் தேவை வந்துவிடும். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சுப் பிள்ளை புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கும், ராஜாக்கள் கேக் என்று அவர்கள் ஜனவரியில் வெட்டுகிற கலெத்தில் ஒரு துண்டு தந்திருக்கும். அடுத்த கிழமை நமக்குப் பொங்கல். நாமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனம் சொல்லும். சொல்லப் போனால் பாதிப் பேர் ஒரு பக்கக் கட்டுரை எழுதுகிறார்கள், மீதிப் பேர் யாரோ அனுப்பிய படத்தைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் "நன்றி" என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும், கதை அதோடு முடிந்துவிடும்.

நான் வெள்ளவத்தையில் பிரெஞ்சு படிப்பிக்கிறவள். வெளிக்கிடுகிற பிள்ளைகளுக்கு விசா நேர்முகத்துக்கும் விடுதி விண்ணப்பத்துக்கும் எழுதப் பழக்குவதோடு இதையும் பழக்குகிறேன். இங்கே எடுத்துக்கொள்வது என் அக்காவின் மகளுடைய செய்தியை. லியோனில் முதுகலை படிக்கிறாள். பெறுகிறவளின் பெயரை லேயா என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நாளும் நேரமும்

தை முதலாம் நாள் சூரியன் மகர ராசிக்குள் போகிற நேரத்தை வைத்து வருவதால், ஆங்கில நாட்காட்டியில் அது ஜனவரி 14க்கும் 15க்கும் இடையில் ஆடும். 2025இல் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, 2026இல் 15ஆம் திகதி வியாழக்கிழமை. வீட்டில் தொங்குகிற பஞ்சாங்கக் கலண்டரை ஒருமுறை பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். செய்தியில் "இன்று பொங்கல்" என்று எழுதப் போகிறீர்கள், அந்த "இன்று" சரியாக இருக்க வேண்டும்.

நேரம்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிற இடம். ஜனவரியில் கொழும்பு, பிரான்ஸை விட நாலரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கும். இங்கே காலை ஆறரைக்குப் பானை பொங்கும்போது அங்கே இரவு இரண்டு மணி. அம்மா வீடியோவில் காட்டுவார், பிள்ளை விழித்திருந்து பார்ப்பாள், அந்தச் சந்தோசத்திலேயே லேயாவுக்கும் அனுப்பிவிடுவாள். நடு இரவில் தலைமாட்டில் போன் அதிர்ந்தால் யாருக்கும் அது வாழ்த்தாகப் படாது. பிரான்ஸில் அன்று சூரியன் எழவே எட்டு மணி தாண்டிவிடும். ஒன்பதிலிருந்து பத்து மணிக்குள், வகுப்புக்குப் போகிற வழியில் அனுப்புவது நல்லது. வாசித்த கையோடு வகுப்பில் சந்திப்பீர்கள், மிச்சக் கதையை நேரில் கதைக்கலாம். ஜனவரி நடுப்பகுதி பல பல்கலைக்கழகங்களில் பரீட்சைக் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். அன்று காலை லேயாவுக்குப் பரீட்சை இருந்தால் மதியத்துக்குப் பிறகு அனுப்புங்கள்.

எழுதுவதற்கு முன் தமிழில் மூன்று கேள்வி

பிரெஞ்சில் தொடங்காதீர்கள். ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் மூன்று பதில் எழுதுங்கள்: இது என்ன நாள்? அன்று நாங்கள் கையால் என்ன செய்கிறோம்? அதில் அவளுக்கு என்ன பங்கு?

முதல் கேள்விக்கு ஒரே வரி போதும். தமிழர்களின் அறுவடைத் திருநாள். உத்தராயணம், இந்திரன், போகி, மாட்டுப் பொங்கல் எல்லாம் உண்மைதான், ஆனால் முதல் செய்தியில் அவற்றுக்கு இடமில்லை. ஒவ்வொன்றும் இன்னொரு விளக்கத்தைக் கேட்கும். கேள்வி வந்தால் சொல்லலாம், வராவிட்டால் அடுத்த வருசம் இருக்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் உங்கள் செய்தியின் உயிர் இருக்கிறது. ஊரில் எப்படிப் பொங்குவோம் என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். முற்றம் மெழுகி, மாக்கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, புதுப்பானையின் கழுத்தில் இஞ்சியிலையும் மஞ்சளிலையும் கட்டி, கிழக்குப் பார்த்து நின்று பாலும் நீரும் விட்டு அடுப்பு மூட்டுவோம். பால் நுரைத்து எழுந்து விளிம்பைத் தாண்டி வழியும்போது சீனவெடி கேட்கும். அதற்குப் பிறகுதான் அரிசியைக் கைகளில் அள்ளி, பானையை மூன்று முறை சுற்றிப் போடுவார் அப்பா. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் முற்றமும் இல்லை, விறகும் இல்லை. பல்கனியில் எரிவாயு அடுப்பு, சீமெந்துத் தரையில் கோலம், கீழே காலி வீதியில் பஸ் சத்தம். ஆனாலும் பால் பொங்கி வழிகிற அந்த ஒரு கணத்துக்காக எல்லோரும் வந்து சுற்றி நிற்பார்கள்.

இத்தனையிலும் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் நான் அந்தக் கணத்தைத்தான் எடுப்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பால் பொங்கி வழிவது பிரெஞ்சுக்காரருக்கும் நன்றாகத் தெரிந்த காட்சி. ஆனால் அவர்கள் சமையலறையில் அது ஒரு தொல்லை. அடுப்பைத் துடைக்க வேண்டும், வீடு முழுக்கத் தீய்ந்த மணம். அதையே நாங்கள் வேண்டுமென்று செய்கிறோம், அது வழிந்தால் சந்தோசப்படுகிறோம் என்று ஒரு வரியில் சொன்னால் வாசிக்கிறவள் நிமிர்ந்து உட்காருவாள். கோலமோ கரும்போ அப்படிச் செய்யாது, ஏனென்றால் அவற்றை அவள் கண்டதில்லை. தெரிந்த பொருளில் தெரியாத செய்கையைச் சொன்னால் மட்டும்தான் சின்னச் செய்தி மனதில் நிற்கும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒரு பிடி பொங்கல். நாளைக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்கலாம். கேட்டால் கொண்டுபோகத்தான் வேண்டும். சமைக்க முடியாது என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

முதல் வரைவும் அதில் பிழைத்தவையும்

அக்காவின் மகள் முதலில் எழுதி எனக்கு அனுப்பியது இது. இலக்கணப்படி பெரிய பிழை ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

```
Chère Léa,
Je vous souhaite un heureux Thaï Pongal.
C'est le Nouvel An hindou où nous adorons
le Dieu Soleil et les vaches.
```

"சித்தி, இதில என்ன பிழை? புத்தகத்தில இருக்கிற மாதிரித்தானே எழுதினன்?" என்று கேட்டாள்.

"அதுதான் மகள் பிழை. பக்கத்தில இருந்து படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில இருக்கிற மாதிரி ஆராவது எழுதுவினமோ?" என்றேன்.

மேலிருந்து பார்ப்போம். "ஷேர்" என்று தொடங்கி "வூ" என்று மரியாதைப் பன்மையில் அழைத்தால் அது அலுவலகக் கடிதம். பிரெஞ்சு மாணவர்கள் தங்களுக்குள் முதல் நாளிலிருந்தே "து" என்றுதான் கதைப்பார்கள், முன்பின் தெரியாத மாணவனிடம்கூட. நாங்கள் மரியாதை என்று நினைத்து "வூ" போட்டால் எட்டி நிற்கிறோம் என்று அவர்களுக்குப் படும். தமிழில் "நீங்கள்" சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைத் தாண்டத்தான் வேண்டும். பேராசிரியருக்கு எழுதும்போது "வூ"வை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது "தை". அந்த எழுத்துக் கோர்வையைப் பார்க்கிற பிரெஞ்சுக்காரருக்கு முதலில் நினைவு வருவது தாய்லாந்து. வீதிக்கு வீதி அந்தச் சொல்லோடு தாய்லாந்து உணவகம் இருக்கிறது. லேயா அதை வாசித்துவிட்டு "நீ தாய்லாந்தா? இலங்கை என்றல்லவா நினைத்தேன்" என்று கேட்பது நடக்கக்கூடியதே. வெறும் "பொங்கல்" என்று எழுதுங்கள், ஒன்றும் குறையாது.

புத்தாண்டு என்றது இரட்டைச் சிக்கல். இலங்கையில் நாங்கள் வருசப்பிறப்புக் கொண்டாடுவது சித்திரையில். ஏப்ரலில் அதே பிள்ளை மறுபடியும் "இன்று எங்கள் புத்தாண்டு" என்று எழுதினால் லேயா குழம்பிப்போவாள். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்த விவாதத்தை நான்கு வரிக்குள் இழுத்து வர வேண்டாம். "இந்து" என்ற அடைமொழியும் முழுதாகப் பொருந்தாது. எங்கள் வீட்டில் அது சூரிய வழிபாடு, சரி. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் பொங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போதாததற்கு, "இந்து"வையும் "இந்தியன்"ஐயும் ஒன்றாக எடுக்கிற பழக்கம் பிரெஞ்சுக்காரரிடம் இன்னும் உண்டு.

கடைசியாக "அதோரோன்". வழிபடுகிறோம் என்று அகராதி பார்த்துப் போட்டிருக்கிறாள். அன்றாட பிரெஞ்சில் அந்தச் சொல்லை சொக்லேட்டுக்கும் பாட்டுக்கும்தான் பாவிக்கிறார்கள், "எனக்கு நல்லாய்ப் பிடிக்கும்" என்ற அளவில். சூரியனையும் மாடுகளையும் நன்றாகப் பிடிக்கும் என்று வாசித்தால் அவளுக்கு எதுவும் விளங்காது. நன்றி சொல்கிறோம் என்பதற்கான வினைச்சொல்தான் இங்கே தேவை. விளைச்சல் தந்த சூரியனுக்கு நன்றி என்றால் எந்த நாட்டவருக்கும் அது உடனே புரியும். மாட்டுக்கு உரிய நாள் அடுத்த நாள். அது முதல் செய்திக்குள் வரத் தேவையில்லை.

"ஹெரோ" என்ற அடையையும் மாற்றினோம். பண்டிகைக்கு அவர்கள் வாயில் இயல்பாக வருவது "ஜுவாயோ" என்ற அடைதான், நத்தாருக்குச் சொல்வது போல.

அனுப்பிய செய்தி

```
Salut Léa ! Aujourd'hui, c'est Pongal,
la fête des récoltes chez les Tamouls.
On remercie le soleil en cuisinant du riz
sucré au lait de coco. Et si le lait déborde
de la marmite, ça porte bonheur !
Alors, joyeux Pongal à toi aussi !
Je t'apporte un peu de riz demain ?
```

ஐம்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது, போன் திரையில் மேலும் கீழும் தள்ளாமல் ஒரே பார்வையில் தெரியும். வரி வரியாக அதன் பொருள் இது: வணக்கம் லேயா, இன்று பொங்கல், தமிழர்களின் அறுவடைத் திருநாள். தேங்காய்ப்பாலில் இனிப்புச் சோறு சமைத்துச் சூரியனுக்கு நன்றி சொல்வோம். பானையிலிருந்து பால் பொங்கி வழிந்தால் நல்லது நடக்கும். அப்போ, உனக்கும் பொங்கல் வாழ்த்து. நாளைக்குக் கொஞ்சம் சோறு கொண்டுவரட்டுமா?

வரிசையைக் கவனியுங்கள். நாங்கள் பழக்கத்தில் வாழ்த்தைத்தான் முதலில் சொல்வோம். இங்கே வாழ்த்து கடைசிக்கு முன் வரியில் இருக்கிறது, ஏனென்றால் என்ன நாள் என்று தெரியாதவளுக்கு வாழ்த்து முதலில் வந்தால் அது வெறும் சத்தம். விளக்கத்தை வாசித்து முடித்த பிறகு வந்தால் தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். "உனக்கும்" என்ற சொல் அதற்காகத்தான்.

நல்லது நடக்கும் என்பதற்குப் போட்டிருக்கிற "ஸா போர்த் பொனர்" அவர்கள் நாலு இலைக் குளோவர் செடியைக் கண்டாலும் சொல்கிற தொடர். சுபிட்சம், செழிப்பு என்று அகராதியில் கனமான சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டால் வங்கி விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

சோற்றை இனிப்பானது என்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பாலில் வேகவைத்த இனிப்பு அரிசி ஒன்று தெரியும், பாடசாலைச் சாப்பாட்டிலிருந்தே சாப்பிட்டு வருகிறார்கள். அந்த நினைவு தானாக வந்து சேரும். சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரை முதல் செய்தியில் சொல்லத் தேவையில்லை.

இந்தச் செய்தியில் எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்று காட்டுகிற அடைமொழி ஒன்றும் இல்லை. "எனக்குச் சந்தோசம்" என்று சேர்க்கப் போனால் பிரெஞ்சில் பெண்பிள்ளைக்கு ஒரு எழுத்துக் கூடும், அதில்தான் பலர் தடுக்குவார்கள். ஆகவே பெயரை மட்டும் மாற்றி யாரும் அனுப்பலாம்.

அவ்வளவு பழக்கமில்லாத வகுப்புத் தோழன் என்றால் தொடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். பயிற்சி வகுப்புக் குழுவில் ஒன்றாக இருக்கிறோம் என்று நினைவூட்டி, உங்கள் பெயரைப் போட்டுவிட்டு, மற்ற வரிகளை அப்படியே வையுங்கள். சோறு கேட்கிற வரியை எடுத்துவிடலாம்.

```
Bonjour Hugo, c'est [prénom], du groupe de TD.
```

தட்டச்சும் எழுத்துக் குறிகளும்

கொழும்பில் வாங்கிய போனில் ஆங்கில விசைப்பலகை தானாகத் திருத்திக்கொண்டிருக்கும். எழுதும்போது சரியாக இருந்த பிரெஞ்சுச் சொல், இடைவெளி விட்டவுடன் ஆங்கிலச் சொல்லாக மாறி நிற்கும். விசைப்பலகை அமைப்புக்குள் போய் மொழிகளில் பிரெஞ்சையும் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும், உச்சரிப்புக் குறிகளையும் அதுவே போட்டுத் தரும். சேர்க்காவிட்டால் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறியுள்ள வடிவங்கள் மேலே தோன்றும். விண்டோஸ் மடிக்கணினியில் வலப்பக்க எண் விசைகள் இருந்தால் இப்படி:

```
é  Alt+0233
à  Alt+0224
ê  Alt+0234
ç  Alt+0231
```

பிரெஞ்சுப் பிள்ளைகள் தங்களுக்குள் எழுதும்போது குறிகளை விடுவதும் உண்டு, அதனால் ஒன்று தவறினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சரியக்குறிக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் ஒரு இடைவெளி விடுவது அவர்கள் வழக்கம். தமிழர் என்று மக்களைச் சொல்லும்போது முதல் எழுத்துப் பெரியது, மொழியைச் சொல்லும்போது சிறியது.

அடியில் தமிழில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சேர்க்கலாம், "இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று எங்கள் எழுத்திலேயே. லேயாவுக்கு வாசிக்க வராது, ஆனால் எங்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பாள், அதுவே ஒரு அறிமுகம். அதை இலத்தீன் எழுத்தில் பெயர்த்து எழுத மட்டும் முயல வேண்டாம். "வாழ்த்து"வின் ழகரத்துக்குப் பிரெஞ்சில் எழுத்தே இல்லை. எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டால் சின்னக் குரல் செய்தியாகச் சொல்லி அனுப்புங்கள்.

படம்

அன்று காலை உங்கள் குடும்பக் குழுவில் இருபது படங்களாவது வந்து விழும். பொன்னிற எழுத்தும் கரும்பும் கடவுள் படமும் மின்னுகிற விளக்கும் உள்ள அந்தப் படங்களில் ஒன்றையும் முன்னனுப்ப வேண்டாம். பலமுறை முன்னனுப்பப்பட்டது என்ற குறியோடு அது போகும், எனக்கென்று அனுப்பவில்லை என்று லேயாவுக்கு உடனே தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பானையின் படம் ஒன்று போதும். அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்: பால் விளிம்பைத் தாண்டுகிற நேரம் ஒன்று எடுங்கோ, நாங்கள் எல்லாரும் நின்று போஸ் குடுக்கிற படம் பிறகு. நுரை பானையின் ஒரு பக்கத்தால் வழிவது தெரிகிற மாதிரி, கிட்ட நின்று எடுத்த படமாக இருக்கட்டும். செய்தியில் சொன்னதும் படத்தில் தெரிவதும் ஒன்றாக இருந்தால் விளக்கத்துக்கு மேல் விளக்கம் வேண்டியிராது. படத்தைத் தனியாக அனுப்பிவிட்டு எழுத்தைப் பிறகு அனுப்பாமல், படத்தின் கீழே வாசகமாகவே ஒட்டி அனுப்புங்கள். இல்லாவிட்டால் பூட்டிய திரையில் அவளுக்குத் தெரிவது வெறும் "படம்" என்ற அறிவிப்புத்தான்.

பதில் வந்தால்

பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதாவது வரும். "த்ரோ பியாங்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். "த்ரோ" என்றால் மிதமிஞ்சியது என்று படித்திருப்பீர்கள், இளையோர் வாயில் அது "மிக நல்லது" என்ற பொருளில் வரும்.

கேள்விகள் மூன்று வகைக்குள் அடங்கும். இது உங்கள் புத்தாண்டா என்று கேட்டால்:

```
Non, notre Nouvel An, c'est en avril.
Pongal, c'est pour dire merci au soleil.
```

இது இந்தியப் பண்டிகையா என்று கேட்டால்:

```
En Inde aussi, oui ! Moi, je viens du Sri Lanka.
```

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. பாண்டிச்சேரி வழியாகவும், தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழ்கிற ரெயூனியோன் தீவு வழியாகவும் பிரெஞ்சுக்காரர் சிலருக்குத் தமிழரைப் பற்றி ஓரளவு தெரியும், ஆனால் அந்த அறிவில் இலங்கை இருக்காது. ரெயூனியோனிலிருந்து வந்த வகுப்புத் தோழன் என்றால் விளக்கமே தேவைப்படாமல் போகலாம், பொங்கலை அவன் ஊரிலேயே கண்டிருப்பான். பாரிஸில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. லா ஷப்பேல் பக்கம் எங்கள் ஆட்களின் கடைகள் வரிசையாக இருப்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும், ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் போகிற வீதியையும் பலர் கண்டிருப்பார்கள். "அந்தக் கடைக்காரர்களின் பண்டிகைதான்" என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது கேள்வி, இது சமயப் பண்டிகையா என்பது. பிரான்ஸில் சமயத்தைப் பற்றிக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள். மறைக்கவும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம்.

```
Dans ma famille, oui, un peu : on est hindous.
Mais des Tamouls chrétiens la fêtent aussi.
```

உங்கள் வீடு கிறிஸ்தவ வீடு என்றால் இதை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் இரண்டாவது விளக்கம் அனுப்பாதீர்கள், அடுத்த நாள் பெட்டியோடு போங்கள்.

அந்தப் பெட்டி

விடுதி அறையில் பால் பொங்க வைப்பது கொழும்புத் தொடர்மாடியை விடச் சிரமம். மின்னடுப்புக் கண்ணாடியில் பால் வழிந்து கருகினால் புகை எழும்பும், கூரையில் இருக்கிற புகை உணரி கத்தத் தொடங்கிவிடும். அதனால் சிறிய, உயரமான பாத்திரத்தில் கால் பங்குக்குப் பசும்பாலை மட்டும் விட்டுச் சூடாக்குங்கள். நுரை விளிம்புக்கு எழும்பும்போது பாத்திரத்தைத் தூக்கி, ஒரு தட்டின் மேல் பிடித்து, வழிய வேண்டியது அங்கே வழியட்டும். தேங்காய்ப்பால் இவ்வளவு எளிதில் நுரைத்து எழும்பாது, அதை நம்பி நிற்க வேண்டாம். சர்க்கரை போட்ட பிறகு பொங்க விடுவதும் கூடாது. சர்க்கரை கண்ணாடியில் ஒட்டினால் அடுப்பே பழுதாகும்.

சிவப்புப் பச்சையரிசி கிடைக்காவிட்டால் சுப்பர்மார்க்கெட்டில் இனிப்புச் செய்வதற்கென்று விற்கிற குட்டை அரிசி நன்றாகக் குழையும். பொதியில் பார்க்க வேண்டிய பெயர் இது:

```
riz rond
```

நூறு கிராம் அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி வறுத்த பயறு, நானூறு மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் டின் ஒன்று, ஒன்றரைத் தேநீர்க் கோப்பைத் தண்ணீர். பயறும் அரிசியும் தண்ணீரிலும் பாதித் தேங்காய்ப்பாலிலும் நன்றாக வெந்த பிறகு மிச்சப் பாலையும் நூறு கிராம் பழுப்புச் சீனியையும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். பனங்கட்டி ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தால் அதைவிட நல்லது ஒன்றில்லை. ஏலக்காய் இரண்டு தட்டிப் போடுங்கள். இரண்டு மூன்று பேருக்குப் போதும்.

கஜுவும் பிளம்சும் போடுவதற்கு முன் ஒன்று கேட்டுவிடுங்கள். கொட்டைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அங்கே வெளிப்படையாகச் சொல்வார்கள், கேட்பதை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

```
Tu es allergique aux noix de cajou ?
```

ஆறினால் பொங்கல் கட்டியாகிவிடும், ஜனவரிக் குளிரில் இன்னும் சீக்கிரம். கொஞ்சம் இளக்கமாகவே இறக்கி, பெட்டியோடு ஒரு சின்னக் கரண்டியும் வையுங்கள். வளாகத்து உணவுக்கூடத்தில் மைக்ரோவேவ் இருந்தால் அரை நிமிடம் சூடாக்கிக் கொடுங்கள்.

பரீட்சையால் அன்று அனுப்ப முடியாமல் போனால் அடுத்த நாளும் அனுப்பலாம். முதல் வரியில் "இன்று" என்பதை "நேற்று" ஆக்கி, வாழ்த்து வரியை இப்படி மாற்றுங்கள். கடைசி வரியில் சோறு எப்போது வரும் என்பதையும் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

```
Hier, c'était Pongal, ...
Alors, joyeux Pongal, avec un jour de retard !
```